சுங்க வரி உரைக்குக் கேள்விகள் தயாரிப்பது எப்படி: பாமாயில் ஒன்றை வைத்து ஒரு முழு வழிகாட்டி

மதுரை கீழமாசி வீதியில் ஓர் எண்ணெய் மொத்தக் கடையில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். இப்போது எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் உரைக் கூட்டத்துக்குக் கேள்விகள் தொகுத்துக் கொடுக்கிறேன். பன்னாட்டு வணிகம், இறக்குமதி வரி என்று தலைப்பு வந்தாலே கூட்டம் ஒரே மாதிரி தடுமாறும். முதல் ஆள் எழுந்து "சார், இந்த வரி நல்லதா கெட்டதா?" என்பார். பேச்சாளர் பத்து நிமிடம் பொதுவாகப் பேசுவார். அதோடு நேரம் முடிந்துவிடும்.

அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக் கிடக்கின்றன. வாங்குகிறவருக்கு என்ன ஆனது? விளைவிக்கிறவருக்கும் தயாரிக்கிறவருக்கும் என்ன ஆனது? அரசியல்வாதி சொன்னது நடந்ததா? இவற்றைப் பிரித்தெடுக்கிற வேலையைக் கூட்டத்துக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டும். மேடைக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

நாங்கள் பாமாயிலை எடுத்துச் செய்து பார்த்த முறையை அதே வரிசையில் தருகிறேன்.

## 1. ஒரு பொருள், ஒரு தேதி, ஒரு விகிதம்

"இறக்குமதி வரி" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். அதனால் முதலில் பொருளையும் தேதியையும் முடிவு செய்யுங்கள்.

நாங்கள் எடுத்தது 2024 செப்டம்பர் 14. அன்று கச்சா பாமாயில், கச்சா சோயா எண்ணெய், கச்சா சூரியகாந்தி எண்ணெய் மூன்றுக்கும் அடிப்படைச் சுங்க வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5 சதவீதம் 32.5 சதவீதமானது. பிறகு 2025 மே 30-இல் கச்சா எண்ணெய்க்கு மட்டும் 20 சதவீதம் 10 ஆக இறங்கியது. சுத்திகரித்த எண்ணெய்க்கான வரியைத் தொடவில்லை.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒன்பது மாதத்துக்குள் வரி ஏறியும் இருக்கிறது, இறங்கியும் இருக்கிறது. ஏறும்போது சொன்ன காரணத்தை இறங்கும்போது சோதித்துப் பார்க்கலாம். நாடு தன் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குவதால் விளைவு எந்த வீட்டு அடுப்படியிலும் தெரியும்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே நான்கு தாள்கள் கையில் இருக்க வேண்டும். முதல் தாள், வரி மாற்றத்தின் அறிவிக்கை. இது cbic.gov.in தளத்தில் கிடைக்கும். இரண்டாவது, மாற்றத்துக்கு முன் மூன்று மாதமும் பின் மூன்று மாதமும் ஒரே அளவு பாக்கெட்டின் சில்லறை விலை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தினசரி விலைகளை வெளியிடுகிறது. பழைய மளிகைச் சீட்டுகளை எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது, அதே காலத்தில் விவசாயிக்குக் கிடைத்த மண்டி விலை. நான்காவது, யார், எந்தத் தேதியில், என்ன வார்த்தையில் வாக்குறுதி தந்தார்கள் என்பது.

நான்காவது தாளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "அப்படிச் சொன்னாங்கல்ல" என்று எழுந்து கேட்டால், "அப்படி யாரும் சொல்லவில்லை" என்ற ஒரு வரியில் கேள்வி செத்துவிடும்.

## 2. வரியை நீங்களே கூட்டிப் பாருங்கள்

2024 செப்டம்பரில் செய்தியில் 20 சதவீதம் என்று வந்தது. துறைமுகத்தில் கட்டியது 27.5 சதவீதம். இந்த வித்தியாசம் புரியாமல் கேள்வி எழுதப் போகாதீர்கள். பேச்சாளர் ஒரு எண்ணும் நீங்கள் ஒரு எண்ணும் சொல்லிக்கொண்டே நேரம் போய்விடும்.

ஒரு டன் கச்சா பாமாயிலின் மதிப்பு 1,00,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம், 20,000 ரூபாய். வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 5 சதவீதம், 5,000 ரூபாய். இந்த இரண்டும் சேர்ந்த 25,000 மீது சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், 2,500 ரூபாய். ஆக 27,500. செப்டம்பர் 14-க்கு முன் அடிப்படை வரி இல்லை, செஸ்ஸும் அதன் மேல் கூடுதல் வரியும் மட்டும் 5,500. கூடியது டன்னுக்கு 22,000, அதாவது கிலோவுக்கு 22 ரூபாய்.

கடையில் எண்ணெய் லிட்டர் கணக்கில் போகிறது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். எனவே லிட்டருக்கு ஏறக்குறைய 20 ரூபாய். அதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 21.

இந்த 21 ரூபாயைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள். உலக விலை அசையாமல் இருந்து, வழியில் யாரும் ஒரு பைசா கூடத் தாங்கிக்கொள்ளாமல் முழுச் சுமையையும் வாங்குகிறவர் தலையில் இறக்கினால், வரி ஒன்றால் மட்டும் ஏறக்கூடிய விலை இவ்வளவுதான். கடையில் இதைவிட அதிகமாக ஏறியிருந்தால் வேறு காரணமும் கலந்திருக்கிறது. குறைவாக ஏறியிருந்தால் நடுவில் யாரோ தாங்கியிருக்கிறார்கள், அல்லது பழைய சரக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது வெளிநாட்டு விலை இறங்கியிருக்கிறது. கேள்விகள் பாதிக்கு மேல் இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. பாமாயிலுக்கு இறக்குமதியாளர் பில்லில் உள்ள விலையின் மீது வரி போடுவதில்லை. மத்திய அரசு டன்னுக்கு இத்தனை டாலர் என்று ஒரு சுங்க மதிப்பை நிர்ணயித்து, பொதுவாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறது. வரி அந்த மதிப்பின் மேல். ஆகவே விகிதம் மாறாத மாதத்திலும் ரூபாயில் கட்டும் வரி ஏறும், இறங்கும். "வரி மாறவில்லையே, விலை ஏன் மாறியது?" என்று கேட்கிறவர்களுக்கு விடையின் ஒரு பகுதி இங்கேயே இருக்கிறது.

## 3. ஆட்களை எழுதுங்கள், நாற்காலியைப் பிறகு கொடுங்கள்

"நுகர்வோர்", "உற்பத்தியாளர்" என்று இரண்டு தலைப்புப் போட்டு அதற்குள் ஆட்களை அடைக்காதீர்கள். முதலில் இந்த எண்ணெயைத் தொடும் ஆட்களை வரிசையாக எழுதுங்கள்.

எங்கள் பட்டியல் இப்படி வந்தது: பாக்கெட் பாமாயில் வாங்கும் வீடு, ரேஷன் கடையில் வாங்கும் வீடு, வடை போடும் டீக்கடைக்காரர், முறுக்கும் மிக்சரும் போடும் பலகாரக் கடை, கச்சா எண்ணெய் வாங்கிச் சுத்திகரிக்கும் ரீஃபைனரி, மரச்செக்கு வைத்திருப்பவர், உசிலம்பட்டிப் பக்கம் நிலக்கடலை போடும் விவசாயி, மத்தியப் பிரதேசத்தில் சோயா போடும் விவசாயி.

இப்போது ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டு விஷயங்களை மட்டும் குறியுங்கள்: எதை வாங்குகிறார், எதை விற்கிறார். டீக்கடைக்காரர் எண்ணெய் வாங்குகிறார், வடை விற்கிறார். எண்ணெய்க்கு அவர் நுகர்வோர், வடைக்கு உற்பத்தியாளர். வடை விலையை ஏற்றினால் ஆள் வராது என்று அவர் வடையின் அளவைக் குறைத்தால், விலைப் பட்டியலில் எந்த மாற்றமும் தெரியாது. ரீஃபைனரியும் இரண்டு பக்கமும் நிற்கிறது. கச்சா எண்ணெய் மீதான வரி அதற்குச் செலவு, சுத்திகரித்த எண்ணெய் மீதான வரி அதற்குப் பாதுகாப்பு.

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் "உள்நாட்டு உற்பத்தியாளருக்கு இந்த வரி லாபமா?" என்று கேட்பார்கள். யார் அந்த உற்பத்தியாளர்? விவசாயியும் ரீஃபைனரியும் ஒரே வரியால் எதிரெதிர்த் திசைக்குப் போகலாம். பேச்சாளர் தனக்குத் தோதானவரை எடுத்துப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

## 4. வாங்குகிறவர் பற்றிய கேள்விகள்

இங்கே எளிதாக வரும் கேள்வி, "வரியால் எண்ணெய் விலை எவ்வளவு ஏறியது?" என்பது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் குறை உள்ளது. வரிக்கு முந்தைய விலைக்கும் பிந்தைய விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் வரி என்று அது நம்மை எடுத்துக்கொள்ள வைக்கிறது.

2024 கடைசி மாதங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். இந்தோனேசியா 2025-இலிருந்து டீசலில் 40 சதவீதம் பாமாயில் கலக்கத் தயாரானது. விளைச்சலும் சற்று இறுகியது. மலேசியச் சந்தையில் டன் விலை நவம்பரில் 5,000 ரிங்கிட்டைத் தாண்டியது. நம் ஊரில் வரி ஏறிய அதே காலத்தில் வெளியேயும் விலை ஏறியிருக்கிறது. இரண்டும் கலந்த விலைதான் கடைப் பலகையில் இருந்தது.

இதைப் பிரிக்க ஒரு வழி அந்த நிகழ்விலேயே கிடைக்கிறது. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி மூன்றுக்கும் வரி ஒரே அளவுதான் ஏறியது. அப்படியானால் வரி மட்டும் வேலை செய்திருந்தால் மூன்றின் விலையும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் பாமாயில் சோயாவைவிட விலை கூடிப்போய், 2025 ஜனவரியில் பாமாயில் இறக்குமதி பல ஆண்டுகளில் இல்லாத அளவு விழுந்தது. வணிகர்கள் சோயா எண்ணெய்க்கு மாறினார்கள். அந்த மாற்றம் வரியின் வேலை அல்ல, உலக விலையின் வேலை.

இதை வைத்து எழுதிய கேள்வி:

"செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவில் எங்கள் கடையில் பாமாயிலும் சூரியகாந்தி எண்ணெயும் இவ்வளவு ஏறின. இரண்டுக்கும் வரி ஒரே அளவுதான் கூடியது. பாமாயில் கூடுதலாக ஏறிய பங்குக்கு என்ன காரணம் சொல்வீர்கள்?"

இரண்டு விலையையும் நீங்களே சொல்லிவிட்டுக் கேட்பதால் பேச்சாளர் நழுவ வழியில்லை.

அடுத்து நேரம். வரி போட்ட மறுநாள் கடையில் இருப்பது பழைய வரி கட்டி வந்த சரக்கு. 2024 செப்டம்பர் 17-இல் மத்திய உணவுத் துறை எண்ணெய் நிறுவனங்களிடம், பழைய வரியில் வந்த சரக்கு தீரும்வரை விலையை ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அப்போது சுமார் 30 லட்சம் டன் கையிருப்பு, 45 முதல் 50 நாளுக்குப் போதும் என்றும் சொன்னது. இது சோதிக்கத்தக்க வாசகம். 50 நாள் என்றால் நவம்பர் முதல் வாரம். "அந்த 50 நாளுக்குள் ஏறிய விலை யார் கைக்குப் போனது?" என்ற கேள்வி இதிலிருந்து வருகிறது. புது வரி கட்டாத சரக்கைப் புது விலைக்கு விற்றால் வித்தியாசம் அரசுக்குப் போகாது. சரக்கு வைத்திருந்தவருக்குப் போகும். அன்று மொத்தக் கடைகளில் கணக்கு எழுதியவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த வித்தியாசம் என்ன என்று உடனே சொல்வார்கள்.

ரேஷன் கடைக்குத் தனிக் கேள்வி வேண்டும். தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குத் தருகிறார்கள். வரி 5.5 ஆனாலும் 27.5 ஆனாலும் கவுண்டரில் அதே 25 ரூபாய்தான். "ரேஷன் வாங்குகிறவர்களுக்குப் பாதிப்பு இல்லை" என்று சிலர் இதைச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். ஆனால் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் டெண்டரில் வாங்கும் விலை ஏறுகிறது. அந்தச் சுமை மாநிலக் கருவூலத்தில் விழுகிறது. கட்டும் வரியோ மத்திய அரசுக்குப் போகிறது. அதிலும் அடிப்படை வரியில்தான் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. செஸ்ஸிலும் கூடுதல் வரியிலும் பங்கு கிடையாது. 27.5-இல் 7.5 பங்கிடப்படாத பகுதி.

எனவே கேள்வி: "25 ரூபாய் மாறாத அந்த ஒரு லிட்டரில், வரி ஏறியதால் கூடிய செலவை யார் கட்டினார்கள், அது யாரிடம் போனது?" ஒரு கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் இதைக் கேட்டபோது பேச்சாளர் தன் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

## 5. விளைவிக்கிறவர், தயாரிக்கிறவர் பற்றிய கேள்விகள்

எல்லோரும் அதிகமாகத் தப்புப் பண்ணும் பகுதி இதுதான். அவசரப்படாதீர்கள்.

வரி துறைமுகத்தில் விழுகிறது. விவசாயிக்குப் பலன் வர வேண்டுமானால் அது எண்ணெய் விலை வழியாக ஆலைக்கு வந்து, ஆலை கொடுக்கும் வித்து விலை வழியாக மண்டிக்கு வந்து சேர வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் எவ்வளவு கசிகிறது என்று கேட்பதுதான் நல்ல கேள்வி.

சோயாவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குவிண்டால் சோயாவில் எண்ணெய் சுமார் 18 கிலோதான். மீதியில் 80 கிலோ அளவு புண்ணாக்கு. எண்ணெய் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் 18 கிலோவுக்கு 360 ரூபாய். ஆனால் புண்ணாக்கு கிலோவுக்கு நாலரை ரூபாய் இறங்கினாலே 80 கிலோவுக்கு அதே 360 ரூபாய் போய்விடும். விவசாயி கையில் ஒன்றும் நிற்காது. 2024 காரிஃப் பருவத்துக்குச் சோயாவின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். வரி ஏறிய பின் வந்த அறுவடையில் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிர மண்டிகளில் விலை அதற்குக் கீழேயே கிடந்தது. புண்ணாக்குச் சந்தை மந்தமாக இருந்தது அதற்கு ஒரு பெரிய காரணம்.

இதிலிருந்து கேள்வி: "சோயா எண்ணெய்க்கு வரி 22 சதவீதப் புள்ளி கூடியும் சோயா விலை ஆதரவு விலையைத் தொடவில்லை. எண்ணெய் மீது வரி போட்டு வித்து விலையை உயர்த்துவது எந்தப் பயிருக்கு வேலை செய்யும், எதற்குச் செய்யாது?"

நிலக்கடலைக்குக் கதை வேறு. பருப்பில் எண்ணெய்ப் பங்கு சுமார் பாதி, ஆகவே எண்ணெய் விலை ஏறினால் வித்துக்கு அதிகம் சேரும். ஆனால் கடலை எண்ணெய் பெரிய அளவில் இறக்குமதியாகும் பொருள் அல்ல. பாமாயில் விலை ஏறியதால் வீடுகள் கடலை எண்ணெய்க்குத் திரும்பினால்தான் உசிலம்பட்டி விவசாயிக்குப் பலன். பாமாயிலுக்கும் கடலை எண்ணெய்க்கும் விலை தூரம் அதிகம். பாமாயில் இருபது ரூபாய் ஏறியதற்காக ஒரு வீடு கடலை எண்ணெய்க்குப் போகுமா, அல்லது எண்ணெய்யையே குறைத்து ஊற்றுமா? இது நம் ஊரில் நேரடியாக விசாரித்து அறியக்கூடியது. கூட்டத்துக்கு முன் இரண்டு மரச்செக்குக்காரர்களிடம், அந்த மூன்று மாதத்தில் ஆட்டக் கொண்டுவந்த கடலை கூடியதா என்று கேட்டு எழுதி வாருங்கள். ஒருவர் எங்களிடம் சொன்னது: "தம்பி, என்கிட்ட வர்றவங்க பாமாயில் வெல பாத்து வர்றவங்க இல்ல." அந்த ஒரு வரி பல பக்கக் குறிப்புக்குச் சமம்.

இனி ரீஃபைனரி. இங்கே பார்க்க வேண்டியது வரியின் உயரம் அல்ல, கச்சாவுக்கும் சுத்திகரித்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி. 2024 செப்டம்பரில் மொத்த வரி கச்சாவுக்கு 27.5, சுத்திகரித்ததற்கு 35.75. இடைவெளி 8.25. இது குறைவு, சுத்திகரித்த பாமாயில் நேராக உள்ளே வந்து எங்கள் ஆலைகள் காலியாகக் கிடக்கின்றன என்று ஆலைத் தரப்பு சொன்னது. 2025 மே மாதம் கச்சா வரி 16.5 ஆனது, மற்றது அப்படியே 35.75. இடைவெளி 19.25.

நிதானமாகப் பாருங்கள். வரி குறைந்திருக்கிறது, ஆனால் ஓர் உள்நாட்டு உற்பத்தியாளருக்குப் பாதுகாப்பு கூடியிருக்கிறது. அதே நாளில் எண்ணெய் வித்து விவசாயிக்குப் பாதுகாப்பு குறைந்திருக்கிறது. "வரி குறைப்பு என்றால் உற்பத்தியாளருக்கு நஷ்டம்" என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்கள் இந்த இடத்தில் விழுவார்கள்.

கேள்வி: "மே மாதக் குறைப்பில் கச்சா எண்ணெய் மலிவானதில் எவ்வளவு வாடிக்கையாளருக்கு வந்தது, எவ்வளவு ரீஃபைனரியின் இடைவெளியாக நின்றது என்று பார்க்க எந்த இரண்டு விலைகளை ஒப்பிட வேண்டும்?" பதில் தெரியாதவர்களுக்கு: துறைமுகத்தில் வரி கட்டிய கச்சா எண்ணெயின் விலை, ஆலை வாசலில் சுத்திகரித்த எண்ணெயின் விலை.

நேபாளம் பற்றி ஒரு கேள்வி கைவசம் இருக்கட்டும். தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின்படி நேபாளத்திலிருந்து வரும் சுத்திகரித்த எண்ணெய்க்குச் சுங்க வரி இல்லை. நேபாளம் கச்சா சோயா எண்ணெயை வெளியில் வாங்கிச் சுத்திகரித்து அனுப்புகிறது. இந்திய வரி ஏறிய பிறகு அந்த வரத்து கூடியது. "வரி ஏற ஏற இந்தச் சுற்றுவழி லாபமாகிறதே, அப்போது வேலி யாரைக் காக்கிறது?" நேரம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

## 6. அரசியல் பேச்சைத் துண்டு போடுங்கள்

நான்காவது தாளை இப்போது எடுங்கள். அதில் எழுதிய ஒவ்வொரு வாசகத்தையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்.

நோக்கம் சொல்வது ஒன்று. "விவசாயிகளைக் காக்க இந்த வரி." இதை மெய் பொய் என்று சோதிக்க முடியாது. ஆனால் அளவுகோல் கேட்கலாம்: "எந்தப் பயிர், எந்த மண்டி, எந்த விலை வந்தால் காத்ததாக எடுத்துக்கொள்வது?"

விளைவு சொல்வது இன்னொன்று. "இதனால் விலை ஏறாது", "50 நாளுக்குச் சரக்கு இருக்கிறது" போன்றவை. இவற்றைத் தேதி போட்டுச் சோதிக்கலாம், சோதிக்க வேண்டும்.

மதிப்புச் சொல்வது மூன்றாவது. "வாங்குகிறவர் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, விவசாயி பிழைக்க வேண்டும்." இது மெய்யோ பொய்யோ அல்ல. ஒரு தேர்வு. இதை எதிர்த்து எண்களை வீசினால் பயன் இல்லை. "அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு வரை?" என்று கேட்டால் உரையாடல் நகரும்.

எல்லா மேடையிலும் வரும் ஒரு வாசகம், "வரியை வெளிநாட்டுக்காரன்தான் கட்டுகிறான்" என்பது. உடனே "தப்பு" என்று எழுந்துவிடாதீர்கள். துறைமுகத்தில் பில் ஆஃப் என்ட்ரி போட்டுப் பணம் கட்டுகிறவர் இந்திய இறக்குமதியாளர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சுமை யார் மேல் என்பது வேறு கேள்வி. தாவர எண்ணெய் வாங்குவதில் உலகில் இந்தியாவே முதலிடம். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வாங்குவதைக் குறைத்தால் விற்கிறவர் விலையை இறக்கவும் கூடும். இறக்கினால் அந்த அளவு சுமை அவர் மேல். ஆகவே கேள்வியை இப்படி எழுதுங்கள்: "செப்டம்பர் 14-க்குப் பின் மலேசிய விலை இறங்கியதா? இறங்கியிருந்தால் அந்த அளவு அவர்கள் தாங்கினார்கள் எனலாம். இறங்காவிட்டால் யார் தாங்கியது?"

அமெரிக்கா 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி விதித்ததைப் பேச்சாளர் இழுத்தால், உங்கள் பட்டியலில் நாற்காலிகள் இடம் மாறும். அங்கே வாங்குகிறவர் அமெரிக்கர், தயாரிக்கிறவர் திருப்பூர்க்காரர். கேள்வியின் உருவம் அதே. அவ்வளவு மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பாமாயிலுக்குத் திரும்பிவிடுங்கள்.

காலத்தை வைத்து வரும் குற்றச்சாட்டிலும் கவனம் தேவை. வரி ஏறியது செப்டம்பரில், மகாராஷ்டிரத் தேர்தல் நவம்பரில். தேர்தலுக்காகத்தான் என்று ஒருவர் சொல்வார். அது ஏன் செய்தார்கள் என்பதற்கான ஊகம். விலை என்ன ஆனது என்பதற்கு அதில் விடை இல்லை. இரண்டையும் ஒரே கேள்வியில் பிசைந்தால் பேச்சாளர் எளிதான பாதிக்கு மட்டும் பதில் சொல்லிவிடுவார்.

## 7. ஒரு கேள்வியைத் திருத்துவது

எங்கள் குழுவில் ஒரு தம்பி முதலில் எழுதி வந்தது இது: "எண்ணெய் வரியை ஏத்தி ஏழைகள் வயித்துல அடிச்சு விவசாயிக்கும் ஒண்ணும் கிடைக்காம பண்ணிட்டாங்களே, இதுக்கு உங்க பதில் என்ன சார்?"

கோபம் நியாயமானது. ஆனால் இதில் மூன்று கூற்று இருக்கிறது, கேள்வி ஒன்றும் இல்லை. அவனோடு உட்கார்ந்து மூன்றாகப் பிரித்தோம்.

"வயித்துல அடிச்சு" என்பது இப்படி ஆனது: "எங்கள் தெருக் கடையில் ஒரு லிட்டர் பாமாயில் செப்டம்பர் முதல் வாரமும் டிசம்பர் முதல் வாரமும் இந்த விலை. வரிக் கணக்குப்படி அதிகபட்சம் 21 ரூபாய் ஏறலாம். மீதி எங்கிருந்து வந்தது?"

"விவசாயிக்கும் கிடைக்காம" என்பது: "அதே மாதங்களில் நிலக்கடலை மண்டி விலை இவ்வளவு. பாமாயில் வரி கடலை விலையைத் தொட்டதாக நினைக்கிறீர்களா? எந்த வழியாக?"

"பண்ணிட்டாங்களே" என்பது: "விவசாயிகளைக் காப்பது நோக்கம் என்று சொன்னார்கள். மே மாதம் பாதியாகக் குறைத்தபோது அந்த நோக்கம் என்ன ஆனது?"

மூன்றாவதைப் பாருங்கள். அவன் கோபம் அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது பேச்சாளர் பதில் சொல்லியாக வேண்டும்.

## 8. கேட்கும் வரிசை

முதலில் வாங்குகிறவர் கேள்வி. சபையில் எல்லோரும் எண்ணெய் வாங்குகிறவர்கள், எண் அவர்களுக்கு உடனே பிடிபடும். பிறகு விவசாயி, ரீஃபைனரி. அரசியல் கூற்று கடைசி. அரசியலை முதலில் கேட்டால் சபை இரண்டாகப் பிரிந்துவிடும். அதற்குப் பிறகு யார் என்ன எண் சொன்னாலும் எந்தக் கட்சி என்றுதான் காது கேட்கும்.

ஒரு ஆளுக்கு ஒரு கேள்வி. எழுதியதை வாசிக்க முப்பது வினாடிக்கு மேல் ஆகக் கூடாது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு துணைக் கேள்வியை அடுத்த வரிசையில் இருப்பவர் கையில் கொடுத்து வையுங்கள். பேச்சாளர் விலை பற்றிய கேள்விக்கு விவசாயி பற்றிப் பதில் சொன்னால், அவர் எழுந்து, "ஐயா, விவசாயிக்கு அடுத்து வர்றோம், முதல்ல அந்த லிட்டர் விலை" என்று மரியாதையோடு திருப்ப வேண்டும். இப்படித் திருப்ப ஆள் இல்லாமல் போனால் மேலே செய்த வேலை முழுவதும் வீண்.

பதில்களைக் குறிக்க ஒரு தாளை மூன்று பத்தியாக மடித்துக்கொள்ளுங்கள்: வாங்குகிறவர், தயாரிக்கிறவர், கூற்று. பேச்சாளர் சொல்லும் ஒவ்வொரு வரியும் எந்தப் பத்தியில் விழுகிறதோ அங்கே எழுதுங்கள். கூட்டம் முடியும்போது எந்தப் பத்தி காலியாக இருக்கிறதோ, அதற்குரிய கேள்வியைத் தேநீர் நேரத்தில் அவர் பக்கத்தில் போய் நின்று கேளுங்கள்.